ஸ்டேட்டஸுக்கு ஒரு வரி வாழ்த்து: தையல் கடையிலிருந்து சில குறிப்புகள்

மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், கல்யாண சீசனில் ஆரி ஒர்க். என் போனில் இருக்கும் எண்களில் முக்கால்வாசி வாடிக்கையாளர்களுடையவைதான். துணி போட்டோ அனுப்பவும், "தச்சாச்சா?" என்று கேட்கவும் அவர்கள் என் எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய எண் என்னிடமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் எண் இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒருவர் போடும் ஸ்டேட்டஸ் மற்றவருக்குத் தெரியும், அவர் மறைத்து வைக்காதவரை. அதனால் யார் வீட்டில் வளைகாப்பு, யார் வீட்டில் புதுமனை புகுவிழா, யார் பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியது என்பதெல்லாம் மதியம் மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கும்போது எனக்கு வந்து சேர்ந்துவிடும்.

இவர்கள் உறவும் இல்லை, அந்நியமும் இல்லை. ஒருவருக்குக் கையில் எவ்வளவு லூஸ் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது. இப்படிப்பட்டவர் வீட்டு நல்ல சேதியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகவும் மனசு வராது, உட்கார்ந்து பேச இரண்டு பேருக்கும் நேரமும் கிடையாது. பார்த்தவர்கள் பட்டியலில் நம் பெயர் விழுந்துவிடுகிறது என்பது வேறு. (நீல டிக்கை அணைத்து வைத்திருந்தால் விழாது. ஆனால் அப்போது நம் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.) ஆக, வேண்டியது ஒரு சின்ன வாழ்த்து. அதைப் படித்தவருக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், பதில் போட்டாக வேண்டும் என்ற கடன் ஏறக்கூடாது.

கேட்க லேசாக இருக்கிறது. அது ஏன் லேசில்லை என்று எனக்குப் புரிந்தது, வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருந்தபோதுதான்.

என் மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தோம். மாமா மடியில் அவன் முறுக்கிக்கொண்டு அழுகிற போட்டோவைக் காலையிலேயே ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன். கிடா வெட்டு, பந்தி, மொய் எழுதுவது எல்லாம் முடிந்து வேனில் திரும்பும்போதுதான் போனை எடுத்தேன். வரிசையாக மெசேஜ். யாரும் தப்பாக ஒன்றும் எழுதவில்லை, எல்லாம் அன்புதான். ஆனால் படிக்கப் படிக்க அவை இரண்டு வகையாகப் பிரிந்தன. "குட்டி அழுறதுகூட அழகா இருக்கான், நல்லா இருக்கட்டும்" என்றது ஒரு வகை. படித்தேன், சிரித்தேன், அடுத்ததுக்குப் போனேன். "எந்தக் கோயில்? எங்களுக்குச் சொல்லவே இல்லையே? பையனுக்கு எத்தனை வயசு ஆச்சு?" என்பது இன்னொரு வகை. அதில் ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும். "சொல்லவே இல்லையே"வுக்கு வெறும் பதில் போதாது, சமாதானமே சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. வெறும் "ஹாய்". அதுதான் எல்லாவற்றிலும் பாரம். என்ன விஷயம் என்று தெரியாது, திறந்து பார்த்து "சொல்லுங்க" என்று நாம்தான் பேச்சை ஆரம்பித்துக் கொடுக்க வேண்டும்.

அன்றிரவு களைப்பில் பாதிப் பேருக்குப் பதில் போடவில்லை. மறுநாள் அந்தப் பாதிப் பேரை நினைத்துத்தான் உறுத்தலாக இருந்தது. முதல் வகையில் எழுதியவர்களை நினைத்து உறுத்தவே இல்லை. அவர்களும் பதிலை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதன் பிறகுதான் நான் எழுதுவதை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்க்கும் வழக்கம் வந்தது.

எழுதுவதற்கு முன், எழுதாமலே செய்யக்கூடியதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் இந்த 24 மணி நேர ஸ்டேட்டஸ் 2017 பிப்ரவரியில் வந்தது. 2022-ல் அதற்கு எமோஜியால் பதில் சொல்லும் வசதி வந்தது. 2024-ல் ஹார்ட் பட்டனும் சேர்ந்தது. இந்த இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் போய்ச் சேருகிற இடம் வேறு. ஹார்ட்டை அழுத்தினால் அது அவருடைய சாட்டுக்குள் போகாது. பார்த்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் தெரியும், அவ்வளவுதான். மேலே இழுத்து எமோஜியைத் தொட்டாலோ அது ஒரு மெசேஜாகவே அவருடைய சாட்டில் போய் உட்காரும். அதாவது நீங்கள் எழுதியதுபோலவே கணக்கு. ஸ்டேட்டஸில் சாம்பார் சாதம் போட்டிருக்கிறார், மொட்டை மாடியில் மழை வீடியோ போட்டிருக்கிறார் என்றால் எனக்கு ஹார்ட் போதும். கல்யாணத்துக்கு ஹார்ட் மட்டும் போட்டால், மண்டபத்து வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினதுபோல் இருக்கும்.

அந்த ஹார்ட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கடமும் உண்டு. நூல், லைனிங் துணி சப்ளை செய்கிற அண்ணன் தன் புது வண்டி படத்தைப் போடுகிறார். கடை நடத்துகிற பெண் அதற்கு ஹார்ட் போட்டால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் போனைப் பார்க்கிற மற்றவர்கள்? நம்மூரில் இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். "புது வண்டி வாழ்த்துகள் அண்ணே, நல்லபடியா ஓடட்டும்" என்று எழுதிவிட்டால் யாருக்கும் எந்தக் கேள்வியும் வராது. அந்த "அண்ணே"க்கு நிறைய வேலை இருக்கிறது.

சரி, எழுதுவதற்கு வருகிறேன். ஒரே ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா. வருஷக்கணக்காக என்னிடம்தான் தைக்கிறார். அவர் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் பிளவுஸ் நான்தான் தைத்தேன். பத்திரிகை வைத்தார்கள், ஆனால் மாப்பிள்ளை ஊரான நாமக்கல்லில் கல்யாணம், சீசன் நேரம், கடையைப் போட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. முகூர்த்தத்தன்று காலை ஏழரை மணிக்கு அக்காவின் ஸ்டேட்டஸ் வந்தது. மெரூன் பட்டில் பெண், தலை நிறைய மல்லிகை, பக்கத்தில் அக்கா.

கை முதலில் எழுதப்போனது "பிளவுஸ் சரியா இருந்துச்சா அக்கா?" என்றுதான். தையற்காரிக்கு அதுதானே முதலில் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் அக்கா கல்யாண வேலைக்கு நடுவே எனக்குச் சர்டிபிகேட் எழுத வேண்டும். கக்கத்தில் பிடித்தது என்றால் அதைப் பெண் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் சொல்லி மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். என் தொழில் கவலையை அவர் தலையில் ஏற்றுகிற கேள்வி அது.

அடுத்து "வாழ்த்துகள் அக்கா! எந்த மண்டபம்? மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று எழுதலாம். பத்திரிகையிலேயே இரண்டும் இருந்தன. இல்லாவிட்டாலும் இதைக் கேட்க அன்றைய காலை நேரம் கிடையாது. நேரில் பார்க்கும்போது கேட்டால் அக்காவே அரை மணி நேரம் ஆசையாகச் சொல்வார். எழுத்தில் கேட்டால் அதே கேள்வி வேலையாகிவிடும்.

பதினாறு செல்வமும் பெற்று என்று ஆரம்பிக்கிற, பூவும் விளக்கும் ஆடுகிற வாழ்த்துப் படங்களும் போனில் கிடக்கின்றன. அவை எதையும் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் யாருக்கும் அனுப்பக்கூடிய படம் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். சுருக்கமாக இருந்தும் அதில் நாம் இல்லை.

கடைசியில் நான் அனுப்பியது இது:

"அக்கா, பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கா. மெரூனுக்கு அந்த மல்லிகைச் சரம் ரொம்ப எடுப்பு. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். நீங்க கல்யாண வேலையைக் கவனிங்க 🙏"

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. "அக்கா, பொண்ணு மகாலட்சுமி மாதிரி" என்பதை முதலில் வைத்ததற்குக் காரணம் நோட்டிஃபிகேஷன். போன் பூட்டியிருக்கும்போதே பலருக்கு முதல் சில வார்த்தைகள் மேலே தெரியும். மணமேடைக்குப் பக்கத்தில் நிற்பவர் அதை ஒரு பார்வை பார்த்தாலே விஷயம் முடிந்துவிடுகிறது. திறக்க வேண்டாம், திறக்காவிட்டால் நீல டிக்கும் விழாது, பார்த்துவிட்டுப் பதில் போடவில்லையே என்ற உறுத்தலும் இல்லை. "வணக்கம் அக்கா எப்படி இருக்கீங்க நல்லா இருக்கீங்களா" என்று ஆரம்பித்தால் அந்த முதல் வார்த்தைகள் வீணாகிவிடும், என்னமோ சொல்ல வருகிறாள் என்று திறக்கவும் வேண்டியிருக்கும்.

மெரூனையும் மல்லிகையையும் சொன்னதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நான் படத்தை நின்று பார்த்தேன் என்பது தெரிய வேண்டும். இன்னொன்று கொஞ்சம் நடைமுறை சார்ந்தது. நாம் ஸ்டேட்டஸுக்குப் பதில் எழுதினால் அந்தப் படம் சின்னதாக நம் மெசேஜின் தலையில் ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் 24 மணி நேரம் ஆனதும் ஸ்டேட்டஸ் போய்விடும், அந்தச் சின்னப் படத்தைத் தொட்டாலும் திறக்காது. கல்யாண வீட்டுக்காரர் போனை நிதானமாகப் பார்ப்பது மறுவீடெல்லாம் முடிந்த பிறகுதான். அதற்குள் அவர் இருபது படம் போட்டிருப்பார். அப்போது வெறும் "சூப்பர் அக்கா" என்று இருந்தால் எது சூப்பர், ஊஞ்சலா, சாப்பாடா, மாப்பிள்ளையா என்று தெரியாது. சிலர் "எதைச் சொல்றே?" என்று கேட்கவும் செய்வார்கள். சுருக்கமாக இருக்க வேண்டும் என்று ஒற்றைச் சொல்லில் முடித்தது அங்கே பேச்சை நீட்டிவிடுகிறது.

கடைசியில் "நீங்க கல்யாண வேலையைக் கவனிங்க" என்பது கதவைச் சாத்துகிற வரி. "பதில் போட வேண்டாம்" என்றும் எழுதலாம்தான். எனக்கு அது பிடிப்பதில்லை. எழுத்தில் அது சில நேரம் கோபமாகக் கேட்கும், "அப்படியெல்லாம் இல்லைமா" என்று அதற்கே ஒரு பதில் வரும். அவருடைய வேலையை ஞாபகப்படுத்தினால் அதே சேதி மரியாதையாகப் போய்ச் சேர்கிறது. புதுமனைக்கு "பால் காய்ச்சுற வேலையைப் பாருங்க", குழந்தை பிறந்த வீட்டுக்கு "நல்லா ரெஸ்ட் எடுங்க", பயணத்துக்கு "பத்திரமா போய்ட்டு வாங்க". ஒவ்வொரு விசேஷத்துக்கும் இப்படி ஒரு விடை வரி நம் பேச்சிலேயே இருக்கிறது.

அக்கா சில நாள் கழித்து "ரொம்ப நன்றிமா, பிளவுஸ் கச்சிதமா இருந்துச்சு, எல்லாரும் கேட்டாங்க" என்று எழுதினார். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குவதைப் பார்க்கிறேன். நன்றிக்கு நன்றி, அதற்கு ஒரு கும்பிடு, அதற்கு ஒரு பூ என்று போய்க்கொண்டே இருக்கும். யார் கடைசியில் நிறுத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நான் அவர் மெசேஜை அழுத்திப் பிடித்து அதன் மேலேயே ஒரு ஹார்ட்டை வைத்துவிட்டேன். 2022-ல் இருந்து அந்த வசதி இருக்கிறது. அது புது மெசேஜாக அடியில் சேராது, அவர் சொன்னதன் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பார்த்தேன், சந்தோஷம், முடிந்தது என்று இரண்டு பக்கமும் புரியும்.

கடை எண்ணிலிருந்து வாழ்த்துபவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. அதில் கடை மூடிய நேரத்தில் தானாகப் போகிற பதில் ஒன்று உண்டு. நாம் சாயங்காலம் ஒருவருக்கு வாழ்த்து அனுப்புகிறோம். அவர் ராத்திரி பத்து மணிக்கு "நன்றிமா" என்கிறார். உடனே நம் எண்ணிலிருந்து "எங்கள் வேலை நேரம் காலை 10 முதல் இரவு 8 வரை" என்று போய் நிற்கும். எனக்குத் தெரிந்த நகைக்கடன் கடைக்காரர் ஒருவர் வளைகாப்புக்கு வாழ்த்து அனுப்பி, அவர்கள் நன்றி சொன்னதற்கு அவர் கடையின் வட்டி விவரம் தானாகப் போய்விட்டது. அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வாங்கியவர்கள் சிரித்தார்களா தெரியவில்லை. வரவேற்பு மெசேஜ் என்ற இன்னொன்றும் இருக்கிறது. அது முதன்முதலாக எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சு எதுவும் இல்லாமல் இருந்து திரும்ப எழுதுபவருக்கும் போகும். நம் வீட்டு ஸ்டேட்டஸுக்கு வாடிக்கையாளர் ஒருவர் ஆசையாக ஒரு வரி எழுதினால் "நல்வரவு, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று மெஷின் பதில் சொல்லும். இரண்டுக்குமே அமைப்புகளில் யாருக்குப் போக வேண்டும் என்று தேர்வு செய்யும் இடம் இருக்கிறது. போனில் பெயர் சேமித்து வைக்காதவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால் தெரிந்தவர்களுக்குப் போகாது.

வாழ்த்தோடு வியாபாரத்தைச் சேர்ப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் நிறையப் பேர் செய்கிறார்கள். "சீமந்தம் வாழ்த்துகள் மேடம், குழந்தைக்கு நம்ம கடையில் புது கலெக்‌ஷன் வந்திருக்கு" என்று எழுதினால் முதல் பாதி இரண்டாம் பாதிக்காகத்தான் எழுதப்பட்டது என்று ஆகிவிடும். அடுத்த முறை நீங்கள் வெறும் வாழ்த்து அனுப்பினாலும் அவர் கீழே இழுத்து விளம்பரத்தைத் தேடுவார்.

பெரியவர்களுக்கு எழுதுவது வேறு கணக்கு. எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் ஒருவரும் என் வாடிக்கையாளர். அவருக்கும் சாருக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்த படத்தைப் போட்டிருந்தார். அவர்களை வாழ்த்த எனக்கு வயதில்லை. "டீச்சர், மாலையும் கழுத்துமா உங்க ரெண்டு பேரையும் பார்த்ததுல சந்தோஷம். இங்கிருந்தே விழுந்து கும்பிட்டுக்கறேன்" என்று எழுதினேன். "ஆசீர்வாதம் பண்ணுங்க டீச்சர்" என்று எழுதியிருந்தால் அது ஒரு வேண்டுதல், அவர் எதாவது சொல்லியாக வேண்டும். ஆனால் இங்கே என் விதியை நானே கொஞ்சம் தளர்த்துவேன். சில பெரியவர்களுக்கு ஆசீர்வாதம் பண்ணக் கேட்பதுதான் சந்தோஷம், "நல்லா இருமா" என்று எழுத அவர்களுக்கு அலுப்பே இருக்காது. ஆளைத் தெரிந்திருந்தால் கேட்கலாம்.

பிளஸ் டூ ரிசல்ட் நாளில் அம்மாக்கள் மகனோடு இருக்கும் படத்தைப் போடுவார்கள். மார்க்கை எழுதியிருந்தால் அது எல்லோருக்கும் சொல்லத்தான். எழுதவில்லை என்றால் அது வேண்டுமென்றே எழுதாததாக இருக்கலாம். "எவ்ளோ மார்க்?" என்று கேட்கவே கூடாது. "தம்பி முகத்துல சிரிப்பைப் பார்த்ததே சந்தோஷம் அக்கா, அடுத்ததும் நல்லதா அமையட்டும்" போதும். அடுத்தது என்ன, எந்தக் காலேஜ் என்பதெல்லாம் வீட்டுக்குள்ளேயே தீராமல் இருக்கும். அதை நாமும் போய்க் கிளற வேண்டாம்.

துக்கச் சேதிதான் கஷ்டம். கறுப்புப் பின்னணியில் படம், மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே தகனம் எத்தனை மணிக்கு என்று ஒரு ஸ்டேட்டஸ். இதற்கு ஹார்ட் பட்டனைத் தொடவே கூடாது. விரல் பட்டுவிட்டால் மறுபடி தொட்டு எடுத்துவிடுங்கள். அழுகிற முகத்தைத் தட்டிவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. "என்னாச்சு? எப்படி? நேத்துகூடப் பார்த்தேனே?" என்று கேட்பது நம் அதிர்ச்சி. ஆனால் அதே கேள்விக்கு அந்த வீட்டார் காலையிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு முறை எழுத்திலும் சொல்ல வைக்கக்கூடாது. நான் எழுதுவது இவ்வளவுதான்: "அப்பா கடைக்கு வந்தப்ப எல்லாம் நின்னு விசாரிச்சுட்டுத்தான் போவாரு. மனசு கஷ்டமா இருக்கு. நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க." அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஒரு உண்மையான விஷயம் இருந்தால் எழுதலாம். தெரியாது என்றால் "ஆழ்ந்த இரங்கல்" என்று வழக்கமாக எழுதுவதே மேல், அந்த நேரத்தில் புதுமை வேண்டியதில்லை.

இன்னொன்று, துக்க வீட்டில் கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன்" என்று சொல்வதில்லையே. எழுத்திலும் "அப்புறம் பேசலாம்", "வர்றேன்" என்று முடிக்காமல் இருந்துவிடுங்கள். வயசானவர்கள் உள்ள வீடுகளில் இதைக் கவனிப்பார்கள். அதோடு உள்ளூர் என்றால் இந்த ஒரு வரி விசாரிப்புக்கு ஈடாகாது. நேரில் போய் ஒரு ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவதுதான் வழக்கம். போகிறவர் மெசேஜ் அனுப்பவே தேவையில்லை.

என்ன என்று தெரியாத ஸ்டேட்டஸ்கள்தான் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடாதவை. நடு ராத்திரியில் ஒரு சோகப் பாட்டு, "யாரையும் நம்பாதே" என்று ஒரு வாசகம், சில நேரம் வெறும் கறுப்புத் திரை. தூரத்துப் பழக்கம் உள்ளவர் என்றால் "என்னாச்சு?" என்று கேட்பதில்லை. அது அவர் யாரோ ஒருவருக்காகப் போட்டது, அந்த யாரோ நானாக இருக்க வாய்ப்பில்லை. மறுநாள் பகலில், அந்த ஸ்டேட்டஸைத் தொடாமல், சாதாரணமாக "அக்கா, உங்க துணி பார்த்தேன், உங்க ஞாபகம் வந்துச்சு. நல்லா இருங்க" என்று ஒன்று அனுப்புவேன். பேச வேண்டும் என்றால் அவரே பேசுவார். சிலர் பேசியிருக்கிறார்கள், பலர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு விட்டிருக்கிறார்கள். ஆனால் வாழப் பிடிக்கவில்லை, இதுதான் கடைசி என்கிற மாதிரி யாராவது போட்டிருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே சுருக்கம், நாசூக்கு எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு உடனே போன் அடிக்க வேண்டும், எடுக்கவில்லை என்றால் அவர் வீட்டில் யாரையாவது பிடிக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகூர்த்த நாளில் அதிகாலையிலோ, எல்லாம் முடிந்த சாயங்காலத்திலோ எழுதுவது நல்லது. தாலி கட்டுகிற நேரத்தில் போன் யாரிடமாவது போட்டோ எடுக்கக் கொடுத்திருப்பார்கள், நம் மெசேஜ் திரையின் மேலே வந்து விழும். ராத்திரி பத்துக்கு மேல் வாடிக்கையாளர்களுக்கு நான் எதுவும் எழுதுவதில்லை. ஸ்டேட்டஸ் இன்னும் சில மணி நேரத்தில் போய்விடுமே என்று அவசரப்படுவதும் தேவையில்லை. அது போன பிறகு சாட்டில் நேராக எழுதினாலும் வாழ்த்து வாழ்த்துதான். படம் ஒட்டிக்கொண்டு போகாது என்பதால் எதைப் பற்றி என்று ஒரு சொல் கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவே.

எல்லா ஸ்டேட்டஸுக்கும் எழுதவும் கூடாது. தினமும் காலையில் சாமி படம் போடுபவருக்குத் தினமும் கும்பிடு போட்டால், என்றைக்காவது ஒரு நாள் போடாமல் விட்டால் "என்னமா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். நான் மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது நல்ல நாளில், ஒரு வரி போடுவேன். மற்ற நாட்களில் பார்த்துவிட்டுப் போய்விடுவேன். ஒரு நாளைக்கு முப்பது ஸ்டேட்டஸ் போடுகிற ஒருவரை மியூட் செய்தும் வைத்திருக்கிறேன். அது அவருக்குத் தெரியாது, போன வாரம்கூட இரண்டு பிளவுஸ் கொடுத்துவிட்டுப் போனார்.